போன வாரம் 7, இந்த வாரம் 11: மருந்து அடிக்கலாமா?
குருத்துப்பூச்சிக் கணக்கில் நிஜமான ஏற்றம் எது, கைக்கணக்கின் தடுமாற்றம் எது?

வில்லியனூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் நமக்குக் கேள்வி அனுப்பியிருந்தார்.

‘‘ஒன்றரை ஏக்கரில் சம்பா நட்டிருக்கிறேன். நட்டு 28 நாள் ஆகிறது. வாரம் ஒரு முறை வயலில் இறங்கி, 10 குத்து பார்த்து, குருத்து காய்ந்த தூர்களை எண்ணி நோட்டில் எழுதுகிறேன். போன வாரம் நூற்றுக்கு 7 தூர் காய்ந்திருந்தது. இந்த வாரம் 11. நூற்றுக்கு 10-ஐத் தாண்டினால் மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர், ‘ஒரே வாரத்தில் ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது, இனியும் தாமதிக்காதீர்கள்’ என்கிறார். அடிக்கலாமா?’’

கேள்வி சின்னதுதான். ஆனால் வாரா வாரம் வயலை எண்ணிப் பார்க்கும் விவசாயிகள் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது. கடிதத்திலேயே பதில் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, வயலில் இறங்கிப் பார்க்காமல் பதில் சொல்வது சரியில்லை என்று தோன்றியது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை நேரத்தில் நேரில் போனேன்.

ஒரே காலை, நாலு கணக்கு

வயல் நன்றாகத் தூர் கட்டியிருந்தது. கணக்கைத் தொடங்குவதற்கு முன், எதை எண்ணுகிறோம் என்பதைச் சரிபார்த்துக்கொண்டோம். குத்து என்பது நாம் நட்ட ஒரு முதல். அதிலிருந்து கிளைத்து வருபவை தூர்கள். குருத்துப்பூச்சியின் புழு தூருக்குள் துளைத்துப் போய்விட்டால், நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும். சுற்றியுள்ள இலைகள் பச்சையாகவே இருக்கும். அந்தக் குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு சுலபமாக வந்துவிடும். எலி வெட்டியிருந்தால் தண்டு சாய்வாக அறுபட்டிருக்கும். வெங்காயத் தாள் போல் குழலாக நீண்டிருந்தால் அது ஆனைக்கொம்பன். இந்த இரண்டையும் குருத்துப்பூச்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

‘‘நீங்க எப்படி எண்ணினீங்களோ, அதே மாதிரி இன்னொரு தடவை எண்ணுங்க’’ என்று அவரிடம் சொன்னேன். அவருடைய மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகனும் வரப்பில் நின்றிருந்தார்கள். அவர்களையும் இறக்கினேன். நானும் இறங்கினேன். ஆளுக்கு 10 குத்து. வரப்பை ஒட்டிய இரண்டு வரிசைகளை விட்டுவிட வேண்டும். மூலைக்கு மூலை நடந்து, நாலைந்து எட்டு வைத்த பிறகு காலுக்கு அருகில் எந்தக் குத்து வருகிறதோ அதை எண்ண வேண்டும். காய்ந்த குருத்து தெரிகிறதே என்று அந்தக் குத்தைத் தேடிப் போகக் கூடாது. நன்றாக இருக்கிறதே என்று தாண்டிப் போகவும் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

குத்துக்கு ஏறக்குறைய 10 தூர். ஆக, ஒவ்வொருவருக்கும் 100 தூர் கணக்கு. முக்கால் மணி நேரத்தில் நாலு பேரும் கரையேறினோம்.

அவர் கணக்கில் 12. மனைவியின் கணக்கில் 5. மகனுக்கு 7. எனக்கு 8.

அவர் முகம் மாறிவிட்டது. ‘‘என்னம்மா, அஞ்சுதானா? சரியாப் பார்த்தியா?’’ என்றார்.

‘‘நானும் இழுத்து இழுத்துத்தாங்க பார்த்தேன். அந்தப் பக்கம் அவ்வளவுதான் இருந்துச்சு’’ என்றார் அந்த அம்மா.

யாரும் தப்பாக எண்ணவில்லை. அவரவர் கால் போன இடத்தில் இருந்ததை எண்ணினோம். வயல் ஒன்று, நாள் ஒன்று, பூச்சியும் ஒன்றுதான். ஆனாலும் 5-லிருந்து 12 வரை எண் ஆடுகிறது. இப்போது அவருடைய கேள்விக்கு வருவோம். போன வாரம் 7, இந்த வாரம் 11. வித்தியாசம் 4. வயலில் எதுவுமே மாறாத ஒரு காலைப்பொழுதிலேயே வித்தியாசம் 7 வந்துவிட்டதே! அப்படியிருக்க, ஒரு வார இடைவெளியில் வந்த இந்த 4-ஐ மட்டும் பூச்சி பெருகியதற்குச் சாட்சி என்று எப்படிச் சொல்ல முடியும்?

நூற்றில் பத்து என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

இதை வீட்டுத் திண்ணையிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1,000 புளியங்கொட்டையை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 100 கொட்டைக்குச் சுண்ணாம்பு தடவிக் காயவைத்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கலக்குங்கள். சாக்கில் உள்ள உண்மை நமக்குத் தெரியும்: நூற்றுக்குப் பத்து. இப்போது பிள்ளைகளை விட்டு, பார்க்காமல் 20 கொட்டை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வெள்ளைக் கொட்டை வர வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் ஏறக்குறைய எட்டுத் தடவைக்கு ஒரு தடவை வெள்ளையே வராது. இன்னும் எட்டுத் தடவைக்கு ஒரு தடவை நாலோ அதற்கு மேலோ வந்துவிடும். அதாவது, சாக்கில் எதுவும் மாறாமலேயே நம் கணக்கு ‘பூஜ்யம் சதவிகிதம்’ என்றும் சொல்லும், ‘இருபது சதவிகிதம்’ என்றும் சொல்லும்.

எடுத்த கொட்டைகளைத் திரும்பப் போட்டு, இந்தத் தடவை 100 எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 4-க்கும் 16-க்கும் இடையில் வரும். சாக்குக்குப் பதில் பெரிய வயலாக நினைத்துக்கொண்டு 400 எண்ணினால், நூற்றுக்கு 7-லிருந்து 13-க்குள் அடங்கிவிடும். ஒன்றைக் கவனியுங்கள். எண்ணிக்கையை நாலு மடங்காக்கினால்தான் தடுமாற்றம் பாதியாகிறது. இரண்டு மடங்கு எண்ணினால் பாதியாகிவிடாது. 

இப்படிக் கொஞ்சத்தை எடுத்துப் பார்த்து மொத்தத்தைப் பற்றிச் சொல்வதில் உள்ள சிக்கலை ஆராய்ந்தவர்களில் ஒருவர், அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். பார்லியையும் அதிலிருந்து வடிக்கும் மதுவையும் சில மாதிரிகளை மட்டும் வைத்து எடைபோட வேண்டியிருந்தது அவருக்கு. குறைந்த மாதிரியை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கணக்கை 1908-ல் வெளியிட்டார். வேலை பார்த்த நிறுவனம் சொந்தப் பெயரில் எழுத விடாததால், ‘ஸ்டூடண்ட்’, அதாவது ‘மாணவன்’ என்ற புனைபெயரில் எழுதினார். இன்றும் அந்தக் கணக்குக்கு அந்தப் பெயர்தான். நம்முடைய நோட்டுக் கணக்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எளிய வழி ஒன்று இருக்கிறது.

கூட்டு, வேர் எடு, இரட்டி

இரண்டு வாரமும் ஒரே அளவு தூர்களை எண்ணியிருந்தால், காய்ந்த தூர்களின் எண்ணிக்கை இரண்டையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் எடுங்கள். அதாவது, எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் அந்தத் தொகை வருமோ, அந்த எண். அதை இரட்டியுங்கள். இரண்டு வாரங்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்ணைத் தாண்டினால்தான் மாற்றத்தை நம்பலாம்.

வர்க்கமூலம் போட வராதவர்கள் இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்:

- இரண்டு வாரக் கூட்டுத்தொகை 9 என்றால், வித்தியாசம் 6-ஐத் தாண்ட வேண்டும்
- 16 என்றால், 8-ஐத் தாண்ட வேண்டும்
- 25 என்றால், 10-ஐத் தாண்ட வேண்டும்
- 36 என்றால், 12-ஐத் தாண்ட வேண்டும்
- 64 என்றால், 16-ஐத் தாண்ட வேண்டும்
- 100 என்றால், 20-ஐத் தாண்ட வேண்டும்

வில்லியனூர் வாசகரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 7-ம் 11-ம் கூட்டினால் 18. அதன் வர்க்கமூலம் நாலேகால் இருக்கும். இரட்டித்தால் எட்டரை. அவருக்கு வந்த வித்தியாசம் 4 மட்டுமே. பாதியைக்கூடத் தொடவில்லை. ‘ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது’ என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. ‘நூறு தூரில் நாலு தூர் கூடுதல்’ என்று சொல்லிப் பாருங்கள், அதே விஷயம் எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடும்.

இதே விதியை வைத்து நிஜமான ஏற்றம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். ஒருவர் இரண்டு வாரமும் 40 குத்து, அதாவது 400 தூர் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 24 காய்ந்திருக்கிறது. நூற்றுக்கு 6. அடுத்த வாரம் 50. நூற்றுக்கு பன்னிரண்டரை. கூட்டுத்தொகை 74, அதன் வர்க்கமூலம் எட்டரைக்குக் கொஞ்சம் மேல், இரட்டித்தால் 17. வித்தியாசமோ 26. இது கைத் தடுமாற்றம் இல்லை. வயலில் பூச்சி ஏறுகிறது. இவர் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இந்த விதிக்கு எல்லைகள் உண்டு. முதலாவது, போன வாரம் 10 குத்தும் இந்த வாரம் 40 குத்தும் பார்த்துவிட்டு இரண்டையும் இதில் போடக் கூடாது. அளவு ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, வயலில் எதுவும் மாறாதபோதும் இருபது தடவைக்கு ஏறக்குறைய ஒரு தடவை, வித்தியாசம் இந்தக் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். மூன்றாவதுதான் முக்கியமானது. வித்தியாசம் கோட்டுக்குள் இருந்தால், ‘மாற்றம் இல்லை’ என்று அர்த்தமில்லை. ‘இவ்வளவு குறைவாக எண்ணினால் மாற்றம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது’ என்றுதான் அர்த்தம். பூச்சி ஏறிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே ‘சும்மா இரு’ என்று இந்த விதி சொல்லவில்லை. ‘இன்னும் கொஞ்சம் எண்ணு’ என்கிறது.

பத்து குத்தில் நூறு தூரா, ஐம்பது குத்தில் நூறு தூரா?

புளியங்கொட்டைச் சாக்கை நன்றாகக் கலக்கிவிடலாம். வயலை அப்படிக் கலக்க முடியாது. குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி இலை நுனிப் பக்கம் முட்டைகளைக் குவியலாக இட்டு, மேலே பழுப்பு ரோமத்தால் மூடி வைக்கும். பொரித்த புழுக்கள் நூல் விட்டுக் காற்றில் ஆடி, பக்கத்துக் குத்துகளுக்குப் போய்ச் சேரும். அதனால் சேதம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஒரு திட்டில் உங்கள் கால் பட்டுவிட்டால் எண் திடீரென்று ஏறும். படாமல் போனால் இறங்கும்.

ஆகவே நிஜ வயலில் தடுமாற்றம், நம் விதி சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இதைக் குறைக்க வழி, ஒரே குத்தில் எல்லாத் தூரையும் எண்ணிக்கொண்டு நிற்பதைவிட, அதிகமான இடங்களைத் தொடுவதுதான். மூலைக்கு மூலை ஒரு தடவை நடந்தவர், எதிர் மூலைக்கும் ஒரு தடவை நடக்க வேண்டும். வித்தியாசம் கோட்டை மயிரிழையில் தாண்டினால் உடனே நம்பிவிடாமல், மறுநாள் வேறு வழியாக நடந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரம்பைத் தாண்டிவிட்டதா?

‘போன வாரத்தைவிட ஏறியதா’ என்பது ஒரு கேள்வி. ‘மருந்தடிக்க வேண்டிய வரம்பைத் தாண்டிவிட்டதா’ என்பது வேறு கேள்வி. தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்கு 10 குருத்து காய்தல், அல்லது ஒரு சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல். குருத்துப்பூச்சிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொருளாதாரச் சேதநிலை இதுதான். அந்த 10 என்பது வயல் முழுவதற்குமான எண். நம் கையில் இருப்பதோ நாம் தொட்ட குத்துகளின் எண்.

100 தூரில் 11 என்றால், வயலின் உண்மை நிலை ஏறக்குறைய 5-லிருந்து 17-க்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வரம்புக்குக் கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடிக்கவும் முடியாது, அடிக்காமல் நிம்மதியாக இருக்கவும் முடியாது.

நாங்கள் நாலு பேர் எண்ணியதையும் கூட்டிப் பார்த்தோம். 12, 5, 7, 8. மொத்தம் 400 தூரில் 32. நூற்றுக்கு 8. இதற்கும் தடுமாற்றம் உண்டு. உண்மை நிலை 5-லிருந்து 11-க்குள் இருக்கலாம். 10-க்குக் கீழே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘‘இன்றைக்கு அடிக்க வேண்டாம். ஆனால் வயலை மறந்துவிடவும் வேண்டாம்’’ என்றேன்.

‘‘அப்போ எதை வச்சு முடிவு பண்றது சார்?’’ என்று மகன் கேட்டார்.

காய்ந்த குருத்து என்பது நடந்து முடிந்த சேதம். இன்று நாம் பார்க்கும் காய்ந்த தூருக்குள் புழு போய்ச் சில நாட்கள் ஆகியிருக்கும். வரப்போவதைச் சொல்வது முட்டைக் குவியலும் தாய் அந்துப்பூச்சியும்தான். அதனால் அடுத்த நாலைந்து நாட்களில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் போட்டு, பத்து இடங்களில் முட்டைக் குவியல் எத்தனை என்று பார்க்கச் சொன்னேன். மாலையில் விளக்குப்பொறியில் எத்தனை அந்துப்பூச்சி விழுகிறது என்பதையும் குறித்து வைக்கச் சொன்னேன். சேதக் கணக்கு, முட்டை, அந்துப்பூச்சி ஆகிய மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் நம்பலாம். ஒன்று மட்டும் ஆடினால் மறுபடி எண்ண வேண்டும்.

சதவிகிதம் இறங்கியது, பூச்சி இறங்கவில்லை

ஒரு வாரம் கழித்து அவர் போனில் அழைத்தார். குரலில் சந்தோஷம். ‘‘சார், குறைஞ்சிடுச்சு! 40 குத்து பார்த்தோம். 480 தூரில் 30-தான் காய்ஞ்சிருக்கு. நூற்றுக்கு ஆறேகால்.’’

எட்டிலிருந்து ஆறேகாலுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். போன வாரம் 40 குத்தில் காய்ந்தது 32. இந்த வாரம் அதே 40 குத்தில் 30. காய்ந்த தூர்களின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாறியது அடியில் உள்ள எண். ஒரு வாரத்தில் குத்துக்கு 10 தூர் என்பது 12 ஆகிவிட்டது. நெற்பயிர் தூர் கட்டும் பருவத்தில் புதுத் தூர்களை விட்டு இழப்பை ஈடுகட்டும். அந்தப் பயிர் வளர்ச்சிதான் சதவிகிதத்தை இறக்கியது. பூச்சி குறையவில்லை.

இது நல்ல செய்திதான், ஆனால் அவர் நினைத்த நல்ல செய்தி இல்லை. இதனால்தான் நோட்டில் சதவிகிதத்தை மட்டும் எழுதக் கூடாது என்கிறேன். எத்தனை குத்து, மொத்தம் எத்தனை தூர், அதில் எத்தனை காய்ந்தது என மூன்று எண்ணையும் எழுத வேண்டும். முடிந்தால் நாலாவதாக, அதில் எத்தனை புதிதாகக் காய்ந்தது என்றும் எழுதலாம். புதிதாகக் காய்ந்த குருத்தில் இன்னும் பச்சை மங்காமல் இருக்கும். பழையது பழுத்து மக்கியிருக்கும். புதிது இல்லையென்றால் பூச்சி அடங்குகிறது என்று சொல்லலாம். அவர் வயலில் புதிதாகக் காய்ந்தவை கொஞ்சமே. முட்டைக் குவியலும் பத்து இடத்தில் மொத்தமாக 3-தான். வரம்பின்படி பார்த்தால் 20 இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்துதான் மருந்து தேவையில்லை என்ற முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தன. சதவிகிதம் இறங்கியதை வைத்து அந்த முடிவை எடுக்கவில்லை.

அடித்தேன், குறைந்தது... மருந்தாலா?

அவர் வயலை ஒட்டி இன்னொருவர் நிலம் இருக்கிறது. அவரும் 100 தூர் கணக்குக்காரர்தான். அவருக்கு 13 வந்திருக்கிறது. அன்றே மருந்து அடித்துவிட்டார். அடுத்த வாரம் 8. ‘‘பாருங்க, அடிச்சதால்தான் எனக்கு இறங்குச்சு’’ என்றார்.

விதியில் போட்டால், கூட்டுத்தொகை 21, தாண்ட வேண்டியது 9, வித்தியாசம் 5. மருந்து வேலை செய்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. நாம் எப்போது மருந்தடிக்கிறோம்? எண் உயர்ந்து வரும் வாரத்தில். அந்த உயர்வில் ஒரு பங்கு, நம் கால் திட்டில் பட்ட தற்செயலாகவும் இருக்கும். அடுத்த வாரம் அதே தற்செயல் அமையாது. ஆகவே மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும், உயர்ந்த எண்ணுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் தாழ்ந்த எண்ணாகத்தான் இருக்கும். பெயர் மட்டும் மருந்துக்குப் போய்விடும். அடுத்த பருவத்திலும் அதே மருந்தை வாங்குவோம்.

மருந்து நிஜமாகவே வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வயலில் ஒரு பட்டையை மட்டும் அடிக்காமல் விட்டு வையுங்கள். அடித்த பக்கத்தில் 40 குத்தும், விட்ட பக்கத்தில் 40 குத்தும் ஒரே நாளில் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் அதே விதியில் போடுங்கள். வித்தியாசம் கோட்டைத் தாண்டினால் மருந்துக்குப் பெயர் கொடுக்கலாம்.

தேவையில்லாமல் அடித்தால் காசு மட்டும்தானே போகும் என்று நினைக்க வேண்டாம். வயலில் உள்ள சிலந்தி, தட்டான், முட்டை ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் முதலில் சாகும். அவை போன பிறகு புகையான் தலையெடுக்கும். இந்தோனேசியாவில் இப்படித்தான் நடந்தது. அங்கே அரசே மானியம் கொடுத்து மருந்தைப் பரப்பியது. புகையான் வெடித்துக் கிளம்பியது. கடைசியில் 1986-ம் ஆண்டு, 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று அந்நாட்டு அதிபர் ஆணையிட்டார். பிறகு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கி, விவசாயிகளை வாரம் ஒரு முறை வயலில் இறங்கி எண்ண வைத்தார்கள்.

கதிர் வந்த பிறகு கணக்கு மாறும்

பூக்கும் பருவத்தில் வரம்பு நூற்றுக்கு 2 வெண்கதிர். இங்கே 100 கதிர் எண்ணி 1, 2, 3 என்று பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. போன வாரம் 1, இந்த வாரம் 3 என்றால் ‘மூன்று மடங்கு’ என்று சொல்லலாம். ஆனால் கூட்டுத்தொகை 4, தாண்ட வேண்டியது 4, வித்தியாசம் வெறும் 2. எண் சிறியதாக ஆக, தடுமாற்றம் பெரிதாகத் தெரியும். இந்தப் பருவத்தில் 400, 500 கதிராவது பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம், வெளுத்த கதிர் மறுபடி பால் பிடிக்காது. அதைப் பார்த்த பிறகு அடிக்கும் மருந்தால் அந்தக் கதிருக்குப் பலனில்லை. ஆகவே கதிர் வருவதற்கு முன்பே, முட்டைக் குவியலையும் அந்துப்பூச்சியையும் பார்த்து முடிவெடுத்துவிட வேண்டும். கதிர் பருவத்துக் கணக்கு அடுத்த பருவத்துக்குத்தான் பாடம்.

வில்லியனூர் வாசகரின் நோட்டில் இப்போது கோடு போட்டு நாலு பத்தி பிரித்திருக்கிறார்கள். வாரம் 40 குத்து, ஒரு மணி நேர வேலை. அவர் ஒரு பக்கம் இருபது, மனைவி ஒரு பக்கம் இருபது. இருவர் எண்ணிக்கையையும் தனித்தனியாக எழுதிவிட்டுத்தான் கூட்டுகிறார்கள். ஏன் தனித்தனியாக என்று கேட்டதற்கு அந்த அம்மா சொன்னார்: ‘‘எங்க ரெண்டு பேருக்குள்ளயே எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு பார்த்தாத்தானே சார், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வந்த வித்தியாசத்தை நம்பலாமா வேணாமான்னு தெரியும்?’’

உங்கள் நோட்டிலும் அந்தப் பத்தியைப் பிரித்து வையுங்கள். மூன்று எண்களோடு ஒரு மாதக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் உழவர் உதவியகத்துக்கோ, குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போனால், எந்த மருந்து, அடிக்கலாமா வேண்டாமா என்பதை அங்கே பேசுவது சுலபமாக இருக்கும். ‘பதினொரு சதவிகிதம் சார்’ என்று மட்டும் சொன்னால், அவர்களும் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: ‘எத்தனை குத்து பார்த்தீங்க?’